பிட் பிடித்த அறைக் கண்காணிப்பாளர், முதன்மைக் கண்காணிப்பாளருக்கு என்ன எழுதிக் கொடுக்க வேண்டும்?

கேள்வி: "நான் தாவரவியல் ஆசிரியை. செமஸ்டர் தேர்வில் ஹால் டூட்டி எனக்குப் புதுசு. இன்று காலை காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஒரு பி.காம். பையனின் கால்குலேட்டர் மூடிக்குள் பிட் இருந்தது. சாயங்காலத்துக்குள் எழுத்தில் ரிப்போர்ட் வேண்டும் என்கிறார் சீஃப். 'மேற்படி மாணவன் காப்பி அடித்துக்கொண்டிருந்தபோது கையும் களவுமாகப் பிடிபட்டான்' என்று எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா?"

போதாது. அந்த ஒரு வரியில் நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவுமே இல்லை, நீங்கள் எடுத்த முடிவு மட்டும்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒழுங்கீன விசாரணைக் குழுவில் உட்கார்ந்து இப்படிப்பட்ட அறிக்கைகளை நிறைய படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், குழுவுக்கு உங்கள் முடிவு தேவைப்படாது, முடிவெடுப்பது அவர்கள் வேலை. அவர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் மட்டும் இருக்கிறது: அந்த நேரத்தில் அந்த அறையில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

இந்தத் தாள் எங்கெல்லாம் போகும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுப்பீர்கள். அவர் தன் குறிப்பை எழுதி, பிட், விடைத்தாள், மாணவர் எழுதிக் கொடுத்த விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்து உறையிட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு அனுப்புவார். அங்கிருந்து விசாரணைக் குழுவுக்குப் போகும். குழு கூடுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும், சில சமயம் அடுத்த செமஸ்டரே தொடங்கிவிடும். அந்தப் பையன் நேரில் வந்து தன் பக்கத்தைச் சொல்வான், பெரும்பாலும் அப்பாவோ அம்மாவோ கூட வந்து வெளியே நிற்பார்கள். நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். உங்களுக்குப் பதிலாகப் பேச அங்கே இருப்பது இந்த ஒரு தாள்தான். தேர்வில் முறைகேடு என்று ஒருவரைத் தண்டிப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பதை உத்தரப் பிரதேச இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அவன் நிச்சயம் பேசுவான். அவன் என்ன சொன்னாலும் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு உங்கள் அறிக்கையில் விவரம் இருக்க வேண்டும்.

அப்புறம் "காப்பி அடித்தான்" என்ற சொல். பிட் வைத்திருப்பது ஒன்று, அதைப் பார்த்து எழுதுவது இன்னொன்று. பல பல்கலைக்கழக விதிகளில் இரண்டும் தனித்தனி வரிகளில் இருக்கும், தண்டனையும் தனித்தனியாக இருக்கும். நிறைய பேர் நினைப்பது போல, பார்த்து எழுதியதை நிரூபிக்காவிட்டால் கேஸ் நிற்காது என்பதும் இல்லை. சி.பி.எஸ்.இ. மாணவி ஒருவர் சம்பந்தப்பட்ட வழக்கில் (1994-ஆம் ஆண்டு எஸ்.சி.சி. என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இதுதான்: அன்றைய தேர்வுக்குத் தொடர்புள்ள தாள் தேர்வரின் வசம் இருந்தது என்றாலே அந்த வாரியத்தின் விதிப்படி அது முறைகேடுதான், அதைப் பயன்படுத்தினாரா இல்லையா என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படியென்றால் உங்கள் அறிக்கை நிலைநாட்ட வேண்டியவை இரண்டே இரண்டு. பிட் அவன் வசம் இருந்தது. அது இன்றைய பேப்பரோடு தொடர்புடையது. மூன்றாவதாக, பார்த்து எழுதினானா என்பதற்கு நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுங்கள். "காப்பி அடித்தான்" என்று நீங்கள் எழுதி, விடைத்தாளைத் திறந்து பார்த்தால் பிட்டில் இருக்கும் கணக்கை அவன் இன்னும் தொடவே இல்லை என்று தெரிந்தால் என்ன ஆகும்? அறிக்கையில் ஒரு வரி பொய் என்றாகிவிடும். அப்புறம் உண்மையான மற்ற வரிகளையும் குழு சந்தேகத்தோடுதான் படிக்கும்.

கால்குலேட்டர் மூடிக்குள் பிட் என்பது வணிகவியல் தேர்வுகளில் அடிக்கடி வருவது. மூடியை முன்னால் தள்ளிக் கழற்றி, பின்பக்கம் செருகிக்கொள்கிற மாடல்தான் எல்லோரிடமும் இருக்கிறது. அந்த மூடியின் உட்பக்கத்தில் சின்னத் தாளை மடித்து வைத்தால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. பிடிபட்டதும் வரும் பதிலும் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: "கால்குலேட்டர் என்னுடையது இல்லை சார், ரூம்மேட்டோடது, காலையில் வாங்கிட்டு வந்தேன், உள்ளே பேப்பர் இருந்தது எனக்குத் தெரியாது." இது பொய்யாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விடுதியில் ஒரு கால்குலேட்டர் நாலு பேரிடம் சுற்றுவது உண்மைதான். அதனால்தான் இந்த வகைக் கேஸில் "வசம் இருந்தது" என்பதை நிலைநாட்ட "கால்குலேட்டரில் இருந்து எடுத்தேன்" என்று மட்டும் எழுதினால் பற்றாது. அவன் மூடியை என்ன செய்துகொண்டிருந்தான், நீங்கள் கிட்டே போனதும் என்ன செய்தான், கால்குலேட்டரில் யாருடைய பெயராவது எழுதியிருந்ததா, தேர்வு நேரத்தில் அது கைமாறியதை நீங்கள் பார்த்தீர்களா என்பதெல்லாம் வேண்டும். இதில் சில அவனுக்கு எதிராகப் போகும், சில சாதகமாகப் போகும். இரண்டையும் எழுதுங்கள்.

சரி, மாதிரி ஒன்று எழுதிக் காட்டுகிறேன். நீங்கள் சொல்லாத விவரங்களை நானாக நிரப்பியிருக்கிறேன், உங்கள் அறையில் நடந்தபடி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். கோடிட்ட இடங்களில் எண்களை ஹால் டிக்கெட்டைப் பார்த்து எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம். பதிவெண்ணில் ஒரு இலக்கம் மாறினால் வேறொரு பிள்ளையின் ரிசல்ட் நிறுத்தி வைக்கப்படும்.

பெறுநர்: முதன்மைக் கண்காணிப்பாளர், தேர்வு மையம் எண் ______

பொருள்: காஸ்ட் அக்கவுண்டிங் தாள், காலை அமர்வு, அறை எண் 14 – பதிவெண் ______ உள்ள தேர்வரிடம் துண்டுத்தாள் இருந்தது தொடர்பாக.

ஐயா,

இன்று காலை அமர்வில் அறை எண் 14-இல் அறைக் கண்காணிப்பாளராக நான் பணியில் இருந்தேன். அறைக்கு ஒதுக்கப்பட்ட 25 தேர்வர்களில் 24 பேர் வந்திருந்தனர். தாள், குறிப்பு, கைப்பேசி எதுவும் வைத்திருந்தால் கொடுத்துவிடும்படி 9.50 மணிக்கு அறை முழுவதற்கும் அறிவித்தேன். பென்சில் பெட்டி, கால்குலேட்டர் உறை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளும்படி சொன்னேன். யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

சுமார் 11.20 மணிக்கு, மூன்றாம் வரிசையில் நான்காம் இருக்கையில் இருந்த மேற்படி தேர்வர், கால்குலேட்டரின் மூடியைக் கழற்றி இடது கையில் வைத்து அதன் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை இரண்டு வரிசைக்கு அப்பால் இருந்து கண்டேன். அப்போது அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. நான் அருகில் சென்றபோது மூடியை மீண்டும் கால்குலேட்டரில் பொருத்தினார். கால்குலேட்டரைக் கேட்டேன், அவரே எடுத்துக் கொடுத்தார். நான் மூடியைக் கழற்றியபோது உட்பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் இருந்தது.

துண்டுத்தாள் சுமார் 7 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள கோடில்லாத வெள்ளைத் தாள். ஒரு மடிப்பு உள்ளது. இருபக்கமும் நீல மையால் கையால் எழுதப்பட்டுள்ளது. ஒரு பக்கத்தில் 9 வரிகள், மறுபக்கத்தில் 6 வரிகள். முதல் வரி: EOQ = √(2AO/C). நான் இப்பாடத்தைக் கற்பிப்பவர் அல்ல, எனவே அதிலுள்ளவற்றை விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இன்றைய வினாத்தாளின் படி ஒன்றை இணைத்துள்ளேன்.

கால்குலேட்டரின் பின்புறம் வெள்ளை மையால் 'கே.எஸ்.' என எழுதப்பட்டுள்ளது. இது தேர்வரின் பெயரின் முதல் எழுத்துகள் அல்ல. தேர்வு தொடங்கியதிலிருந்து இந்தக் கால்குலேட்டர் மற்றவரிடமிருந்து இவருக்கோ, இவரிடமிருந்து மற்றவருக்கோ கைமாறியதை நான் பார்க்கவில்லை.

11.22 மணிக்கு அலுவலக உதவியாளர் மூலம் தங்களுக்குத் தகவல் அனுப்பினேன். 11.28 மணிக்குத் தாங்கள் அறைக்கு வரும்வரை நான் அறையை விட்டு வெளியேறவில்லை. துண்டுத்தாளும் கால்குலேட்டரும் என்னிடமே இருந்தன. அதுவரை தேர்வர் தன் இருக்கையிலேயே இருந்தார், எதுவும் எழுதவில்லை. தங்கள் முன்னிலையில் விடைத்தாளைப் பெற்றபோது 9-ஆம் பக்கம் வரை எழுதப்பட்டிருந்தது. கடைசியாக எழுதப்பட்டிருந்தது வினா எண் 11-க்கான விடை, அது முடியவில்லை. கடைசி வரிக்குக் கீழே கோடிட்டு, நேரம் எழுதி, கையொப்பமிட்டேன்.

தேர்வரைச் சோதனையிடவில்லை. கேட்டபோது, "கால்குலேட்டர் ரூம்மேட்டோடது, உள்ளே பேப்பர் இருந்தது எனக்குத் தெரியாது" என்று சொன்னார். தங்கள் அறையில் அவர் தன் கையால் எழுதிக் கொடுத்த விளக்கம் இணைக்கப்பட்டுள்ளது. துண்டுத்தாளின் எழுதப்படாத மூலையில் அவரும் நானும் கையொப்பமிட்டுள்ளோம்.

இணைப்பு: துண்டுத்தாள் ஒன்று (உறையில்), கால்குலேட்டர் ஒன்று, விடைத்தாள் எண் ______, வினாத்தாள் படி, தேர்வரின் விளக்கம்.

கையொப்பம், பெயர், பதவி, துறை, தேதி, நேரம்.

இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இதில் நான் வேண்டுமென்றே வைத்த வரி ஒன்று உண்டு: "அப்போது அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை." அவனுக்குச் சாதகமான வரியை நாமே ஏன் எழுத வேண்டும் என்று தோன்றலாம். நடந்தது அதுதானே. அதோடு, அந்த வரிக்குப் பக்கத்திலேயே "மூடியின் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்பதும், "நான் அருகில் சென்றபோது மூடியைப் பொருத்தினார்" என்பதும் இருக்கின்றன. "எனக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லும் பையனிடம் குழு கேட்கப்போவது இந்த இரண்டு வரிகளை வைத்துத்தான். "பதறிப்போய் மறைக்க முயன்றான்" என்று நீங்கள் எழுதியிருந்தால், "நான் பதறவில்லை, மேடம் வந்ததால் மூடி வைத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அவன் பதறினானா என்பதைப் பற்றி வாதாடலாம், மூடியைப் பொருத்தினானா என்பதில் வாதாட அதிகம் இல்லை.

விடைத்தாளோடு ஒப்பிடவில்லை என்று எழுதச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பிட்டில் EOQ, அதாவது ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் செய்தால் சிக்கனம் என்று கணக்கிடும் சூத்திரம் இருக்கிறது, விடைத்தாளிலும் அதே சூத்திரம் இருக்கிறது என்றால் அதில் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஏனென்றால் அது பாடப்புத்தகத்தில் இருப்பது, படித்த எல்லாப் பிள்ளைகளும் அதையேதான் எழுதுவார்கள். சரியான விடைகள் ஒத்துப்போவதைவிடத் தவறுகள் ஒத்துப்போவதுதான் பேசும். அதே உத்தரப் பிரதேச வாரியம் சம்பந்தப்பட்ட 1960-களின் இன்னொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், இரண்டு தேர்வர்களின் தாள்களில் தவறுகள் ஒரே மாதிரி இருந்ததைச் சூழ்நிலைச் சான்றாக எடுத்துக்கொண்ட வாரியத்தின் முடிவை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உங்கள் கேஸில் இதை இப்படி யோசித்துப் பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு என்பது மறு ஆர்டர் நிலையிலிருந்து, சராசரி உபயோகத்தைச் சராசரி மறு ஆர்டர் காலத்தால் பெருக்கிக் கழித்தால் வருவது. பிட்டில் அவசரத்தில் சராசரி காலத்துக்குப் பதிலாக அதிகபட்ச காலம் என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள், விடைத்தாளிலும் அதே இடத்தில் அதே பிழை இருக்கிறது என்றும் வையுங்கள். பாட ஆசிரியர் ஒருவர் அதைப் பார்த்ததும் பிடித்துவிடுவார். நீங்களும் நானும் பிடிக்கமாட்டோம். அந்த ஒப்பீட்டைச் செய்ய குழு ஒரு பாட வல்லுநரைக் கேட்கும். நமது வேலை, அந்த வல்லுநர் படிக்கும்படி பிட்டை முழுசாகக் கொண்டு சேர்ப்பது.

அதனால் பிட்டைக் கையாளும் விதத்தில் கவனமாக இருங்கள். அதன் மேல் பதிவெண்ணையும் அறை எண்ணையும் பெரிதாக எழுதி, நடுவில் கையெழுத்துப் போட்டு, விடைத்தாளோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து அனுப்புகிறார்கள். அந்தச் சின்னத் தாளில் பின் குத்தின இடத்தில் ஒரு வரி போய்விடும், நம் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு வரி போய்விடும். செல்லோடேப் ஒட்டினால் அப்புறம் மறுபக்கத்தைப் படிக்க முடியாது. கையெழுத்து வேண்டும் என்று உங்கள் பல்கலைக்கழகம் கேட்டால் எழுத்தில்லாத மூலையில் சின்னதாகப் போடுங்கள், இடமே இல்லை என்றால் பிட்டை ஒரு சின்ன உறையில் போட்டு உறையின் மேல் இருவரும் கையெழுத்திடுங்கள், அதையும் அறிக்கையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். வரிகளை எண்ணி எழுதச் சொன்னதும் இதற்காகத்தான். நடுவில் உறை பிரிந்து வேறு ஏதாவது பிட்டோடு கலந்துவிட்டால்கூட, "ஒரு பக்கம் 9 வரி, மறுபக்கம் 6 வரி, முதல் வரி இது" என்பதை வைத்து இதுதான் அந்தத் தாள் என்று அடையாளம் சொல்லிவிடலாம். ஒரே அமர்வில் மூன்று நான்கு கேஸ் வரும் மையங்களில் இது நடக்கக்கூடியதுதான்.

"பிட்டில் இருக்கும் எழுத்து அவனுடையதுதான்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவன் கையெழுத்து உங்களுக்குத் தெரியாது. அங்கேயே ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதிக் காட்டு என்று சொல்லவும் வேண்டாம், ஒப்பிட வேண்டுமென்றால் 9 பக்கம் விடைத்தாளே இருக்கிறது.

மாணவரின் விளக்கம் அடுத்த சிக்கல். பல மையங்களில் ஒரு வாசகத்தைச் சொல்லச் சொல்ல அவனை எழுத வைக்கிறார்கள்: "நான் இத்தேர்வில் துண்டுத்தாள் வைத்துப் பார்த்து எழுதியது உண்மை, இனி இவ்வாறு செய்யமாட்டேன், மன்னிக்கவும்." பத்து பிள்ளைகள் எழுதிய பத்து கடிதத்திலும் அதே வாசகம், அதே "மன்னிக்கவும்." குழுவில் உட்கார்ந்து பார்க்கும் யாருக்கும் இது யாருடைய வார்த்தை என்று தெரிந்துவிடும். விசாரணையில் அவன் "எழுதினால்தான் அடுத்த பரீட்சைக்கு விடுவோம் என்றார்கள்" என்று சொன்னால் அந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுங்கள், என்ன நடந்தது என்று உன் வார்த்தையில் எழுது என்று மட்டும் சொல்லுங்கள். "எனக்குத் தெரியாது" என்று எழுதினாலும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் "விளக்கம் எழுதித் தர மறுத்தார்" என்று நீங்கள் எழுதி, அங்கே இருந்த இன்னொரு கண்காணிப்பாளரைச் சாட்சியாகக் கையெழுத்திடச் சொல்லுங்கள். கையைப் பிடித்து வாங்க வேண்டியதில்லை, கேஸ் அதனால் விழுந்துவிடாது.

சோதனை விஷயத்தில் ஒன்று. நீங்கள் பெண், தேர்வர் பையன், அதனால் சட்டைப்பையைத் தொடாமல் கேட்டு வாங்கியது சரி. பெண் பிள்ளையாக இருந்தால் பெண் ஆசிரியர் மட்டுமே, அதுவும் முதன்மைக் கண்காணிப்பாளருக்குச் சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில், ஆடையைக் களையச் சொல்லாமல். 2022 அக்டோபரில் ஜாம்ஷெட்பூரில் பள்ளித் தேர்வில் பிட் இருக்கிறதா என்று பார்க்க ஆடையைக் களைய வைத்தார்கள் என்ற புகாரோடு ஒரு மாணவி தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டாள். இதைப் படித்த பிறகும் ஒரு துண்டுத்தாளுக்காக ஒரு பிள்ளையின் உடம்பைத் தேடலாம் என்று யாராவது நினைத்தால் எனக்கு அவர்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பிட்டை வாங்கிய பிறகு அந்தப் பையனைத் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். அலுவலக அறையில் யாராவது ஒருவர் கூட இருக்கட்டும், வீட்டுக்குத் தகவல் சொல்லி, நண்பனோடோ வீட்டாரோடோ போகட்டும். அறை நடுவில் நின்று பிட்டைத் தூக்கிக் காட்டிச் சத்தம் போடுவது எந்த விதியிலும் இல்லை, மற்ற 23 பேரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிடிபட்டவனை அந்தத் தேர்வை மேலே எழுத விடுவதா, வெளியே அனுப்புவதா என்பது உங்கள் முடிவு இல்லை. சில அமைப்புகளில் எழுதிய விடைத்தாளை வாங்கிக்கொண்டு புதிய விடைத்தாள் கொடுத்து மீதியை எழுத விடுவார்கள், சில இடங்களில் அன்றைய தேர்வோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கையேடு முதன்மைக் கண்காணிப்பாளரிடம் இருக்கும், அவர் சொன்னதைச் செய்துவிட்டு, "தங்கள் அறிவுரைப்படி" என்று போட்டு நேரத்தோடு எழுதுங்கள். புதிய விடைத்தாள் கொடுத்திருந்தால் அதன் எண்ணும், கொடுத்த நேரமும் கட்டாயம் வேண்டும்.

நேரங்கள்தான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்கும் இடம். அறிக்கையில் 11.20 என்று இருக்கும், விடைத்தாளில் கோட்டுக்குக் கீழே 11.45 என்று இருக்கும், முதன்மைக் கண்காணிப்பாளர் குறிப்பில் 11.10 என்று இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, ஆளாளுக்குத் தங்கள் கடிகாரத்தைப் பார்த்து, அல்லது சாயங்காலம் நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாணவர் தரப்பில் யாராவது கேட்டால் பதில் சொல்ல முடியாது. இன்று நீங்கள் கொடுப்பதற்கு முன், விடைத்தாளில் போட்ட நேரத்தையும் உங்கள் அறிக்கையில் இருப்பதையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விடைத்தாளில் போட்டது தவறு என்று தெரிந்தால் அதை அடித்துத் திருத்தாதீர்கள், அறிக்கையில் விளக்கி ஒரு வரி எழுதுங்கள்.

பறக்கும் படை வந்து பிடிக்கும் கேஸில் அறைக் கண்காணிப்பாளர்கள் பயப்படுவதையும் பார்த்திருக்கிறேன். நான் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பார்களே என்று, "நான் ஏற்கெனவே சந்தேகப்பட்டுக் கவனித்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதிவிடுவார்கள். சந்தேகப்பட்டவர் ஏன் தகவல் சொல்லவில்லை என்பது அடுத்த கேள்வியாக வரும். "படை உறுப்பினர் 11.20-க்கு எடுத்தார், அதற்கு முன் நான் கவனிக்கவில்லை" என்று எழுதினால் அதோடு முடிந்தது. 25 பேர் இருக்கும் அறையில் உள்ளங்கை அளவுத் தாளைக் கவனிக்காமல் போவது குற்றமில்லை.

நடுவில் யாராவது 2024-இல் வந்த மத்திய அரசின் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டத்தைக் காட்டி அதன் பிரிவையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். வேண்டாம். அது யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வு, தேசியத் தேர்வு முகமையான என்.டி.ஏ. போன்ற அமைப்புகள் நடத்தும் தேர்வுகளுக்கானது. வினாத்தாள் கசிவு, ஆள்மாறாட்டக் கும்பல் போன்றவற்றைக் குறிவைத்தது. கல்லூரி செமஸ்டர் தேர்வில் பிட் வைத்திருந்த பையனுக்கு உங்கள் பல்கலைக்கழக விதிதான் பொருந்தும். எந்த விதி, என்ன தண்டனை என்பதையும் நீங்கள் எழுத வேண்டியதில்லை, "கடுமையான நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற வழக்கமான கடைசி வரியையும் விட்டுவிடுங்கள். "இவன் வகுப்பிலும் ஒழுங்காக இருப்பதில்லை என்று வணிகவியல் துறையில் சொன்னார்கள்" என்பதும் வேண்டாம், இன்று அறை 14-இல் நடக்காதது எதுவும் இந்தத் தாளில் வரக்கூடாது.

கையெழுத்திட்டுக் கொடுக்கும்போது இரண்டு படி எடுத்து, ஒன்றில் முதன்மைக் கண்காணிப்பாளரின் பெற்றுக்கொண்ட ஒப்பமும் நேரமும் வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குழு உங்களை அழைத்தாலும் அழைக்கலாம், அப்போது மாதங்கள் போயிருக்கும், மூடி இடது கையில் இருந்ததா வலது கையில் இருந்ததா என்பதே மறந்திருக்கும்.